குடல் எதற்காகச் சுழல்கிறது: ஒரு பச்சைக் கறையிலிருந்து

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆயா ஒருவர், ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் கதவைத் தட்டினார். கையில் பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு துணி. "தோ பாரும்மா, ராத்திரிலேர்ந்து கொயந்தை இப்டித்தான் கக்குது" என்று துணியை விரித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்தால் வருமே, அந்தப் பச்சை. குழந்தை பிறந்து 9 நாள். பெண் குழந்தை, ஆயாவின் பேத்தி. அதுவரை நன்றாகப் பால் குடித்து, மலம் கழித்து, எடை ஏறிக்கொண்டிருந்த குழந்தை. இரவு பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். "பால் அதிகமா போயிருக்கு, தோள்ல போட்டுத் தட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வயிறு உப்பவில்லை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, காய்ச்சல் இல்லை. அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்கும்.

நான் மருத்துவம் பார்ப்பவள் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அந்தத் துணியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. "இனிமே பால் குடுக்காதீங்க ஆயா. ஆட்டோ புடிச்சு, குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. இந்தத் துணியையும் எடுத்துட்டுப் போங்க" என்றேன். கறையின் நிறத்தை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது.

அந்த நிறம் ஏன் அவ்வளவு முக்கியம்? இரைப்பையை அடுத்து வருவது முன்சிறுகுடல். அதன் இரண்டாம் பகுதியில்தான் பித்தநாளம் வந்து திறக்கிறது. அடைப்பு அந்தத் திறப்புக்கு மேலே இருந்தால் குழந்தை கக்குவது வெறும் பால், அல்லது திரிந்த பால். திறப்புக்குக் கீழே இருந்தால், பித்தமும் போக வழியில்லாமல் மேலே ஏறி, பச்சையாக வெளியே வரும். திறப்புக்குச் சற்றுக் கீழே, இவ்வளவு உயரத்திலேயே அடைபட்டால் வயிறு உப்புவதில்லை. காற்று நிரம்புவதற்குக் கீழே எதுவும் போகவே இல்லை. ஆக, மெத்தென்ற வயிறு இங்கே ஆறுதல் தரும் அடையாளம் இல்லை. பச்சை வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைக்கும் குடல் முறுக்கிக்கொண்டிருக்கும் என்று சொல்லவில்லை. ரத்தத்தில் கிருமி பரவினாலும் குடல் வேலை நிறுத்திப் பச்சையாகக் கக்கலாம். ஆனால் முறுக்கு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்து உறுதிசெய்யும் வரை, இருக்கிறது என்று எண்ணித்தான் நடக்க வேண்டும். ஏனென்றால் முறுக்கு இருந்தால் குடலுக்கு இருக்கும் அவகாசம் சில மணி நேரம்தான்.

அந்தக் குழந்தைக்கு முறுக்குதான் இருந்தது. அது பிறந்த பிறகு வந்த நோய் இல்லை. அம்மாவுக்கே கர்ப்பம் என்று உறுதியாகத் தெரிந்த கொஞ்ச நாளிலேயே அதற்கான விதை விழுந்துவிட்டது. எப்படி என்று சொல்ல, கருவுக்குள் குடல் போடும் ஒரு சுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கருவின் குடலை மூன்று துண்டாகப் பிரிப்பது வழக்கம். நமக்கு வேண்டியது நடுத்துண்டு. பித்தநாளம் திறக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, சிறுகுடல் முழுவதையும், பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தையும், அதோடு ஒட்டிய குடல்வாலையும், ஏறு பெருங்குடலையும் சேர்த்து, குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பங்கு வரை போகிறது இந்த நடுக்குடல். இதற்கு ரத்தம் கொடுப்பது ஒரே ஒரு குழாய், சுப்பீரியர் மெசென்டரிக் தமனி. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இந்தத் தமனியை மறக்க வேண்டாம். குடல் சுற்றுவது இதைச் சுற்றித்தான். முறுக்கும்போது நெரிபடுவதும் இதுதான்.

கருத்தரித்து 6-வது வாரத்தில் கரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அதற்குள் கல்லீரல் அசுர வேகத்தில் வளர்ந்து வயிற்றை அடைத்துக்கொள்கிறது. குடலும் நீளமாக வளர்கிறது. இருவருக்கும் இடம் போதவில்லை. அதனால் நடுக்குடல் ஒரு கொண்டை ஊசிபோல மடிந்து, தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் வெளியேறிவிடுகிறது. இது கோளாறு இல்லை. நம் ஒவ்வொருவருக்கும் நடந்தது. 6-வது வாரத்திலிருந்து 10-வது வாரம் வரை நம் குடல் நம் வயிற்றுக்கு வெளியேதான் இருந்தது. சிகாகோ, பால்டிமோர் ஆகிய இடங்களில் பணியாற்றிய ஃப்ராங்க்ளின் மால் 1898-இல் மனிதக் கருக்களை வெட்டிப் பார்த்து இதை விரிவாக எழுதினார்.

இனி சுழற்சி. வகுப்பில் இதை விளக்க நான் மின்ட் மணிக்கூண்டைத்தான் துணைக்கு அழைப்பேன். அந்தக் கடிகாரத்தின் முன்னால் நிற்பதுபோல, கருவை முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின் நடுவில் முள்ளைப் பிடித்திருக்கும் அச்சுதான் அந்தத் தமனி. கொண்டை ஊசியின் மேல் காலை 12-இல் நிற்கும் முள்ளாகவும், கீழ்க்காலை 6-இல் நிற்கும் முள்ளாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கால் பின்னாளில் சிறுகுடலின் பெரும்பகுதியாக ஆகப்போவது. கீழ்க்காலில் ஒரு சிறு மொட்டு இருக்கும். அது சீக்கமும் குடல்வாலும் ஆகும்.

முட்கள் இரண்டும் சேர்ந்து பின்னோக்கி ஓடுகின்றன. கொடிக்குள் இருக்கும்போதே கால் சுற்று முடிந்துவிடும். மேல்கால் 12-லிருந்து 9-க்கு வரும், கீழ்க்கால் 6-லிருந்து 3-க்குப் போகும். நம் கண்ணுக்கு 9 இருக்கும் பக்கம் குழந்தையின் வலப்பக்கம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சில வாரங்கள் குடல் வெளியிலேயே தங்கி, நீண்டு, சுருள்சுருளாக மடிகிறது. 10-வது வாரத்தில் வயிற்றில் இடம் கிடைத்ததும் அவசர அவசரமாக உள்ளே திரும்புகிறது. திரும்பும் வழியில் மீதி அரைச் சுற்றும் முடிகிறது. சிறுகுடலின் தொடக்கம் 9-லிருந்து 6 வழியாக, அதாவது தமனிக்கு அடியில் புகுந்து, 3-க்கு வந்து சேர்கிறது. அது குழந்தையின் இடப்பக்கம். சீக்கம் 3-லிருந்து 12 வழியாக, தமனிக்கு மேலாகத் தாண்டி, 9-க்கு வருகிறது. அது வலப்பக்கம். முதலில் உள்ளே வருவது சிறுகுடல், கடைசியாக வருவது சீக்கம். சீக்கம் முதலில் கல்லீரலுக்கு அடியில் தங்கி, பிறகு மெல்ல இறங்கி வலது அடிவயிற்றில் அமர்கிறது. மொத்தம் முக்கால் சுற்று, 270 பாகை.

நம் உடம்பில் முன்சிறுகுடல் தமனிக்குப் பின்னால் போவதும், குறுக்குப் பெருங்குடல் அதற்கு முன்னால் போவதும் இந்தச் சுற்றின் தடயம். முதலாமாண்டு மாணவர்கள் உடலறுப்பு மேசையில் இதைக் கையால் தடவிப் பார்க்கும்போது, படித்த பாகைக் கணக்கு முதல்முறையாக அவர்களுக்குப் பொருளாகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 270 பாகை என்பது தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. கருவுக்குள் குடல் உண்மையிலேயே ஒரு முள் போல விறைப்பாகச் சுழல்கிறதா, அல்லது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளர்வதால் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. கோழிக் கருவிலும் எலிக் கருவிலும் பார்த்ததில், குடலைப் பிடித்திருக்கும் சவ்வின் இடப்பக்கச் செல்கள் நெருக்கமாக அடைந்தும் வலப்பக்கச் செல்கள் விலகியும் இருப்பது தெரிகிறது. அந்த ஏற்றத்தாழ்வே குடலை ஒரு பக்கம் சாய்க்கிறது. உடலின் இடம் வலமே குழம்பிப்போன குழந்தைகளுக்குக் குடல் சுழற்சியும் அடிக்கடி தவறுவது இதனால்தான்.

இவ்வளவு சுற்று எதற்கு? மாணவர்கள் பாகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள், இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். எனக்கு இதற்கான பதிலைக் காட்டியது காசிமேடு. துறைமுகத்தில் வலையை உலர்த்தும்போது பாருங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீட்டிக் கட்டிய வலை எவ்வளவு காற்றடித்தாலும் அசையுமே தவிர முறுக்காது. அதே வலையைக் குவித்து ஒரே கொக்கியில் தொங்கவிட்டால், கொஞ்சம் காற்றுக்கே தன்னைத்தானே சுற்றி முறுக்கிக்கொள்ளும். முறுக்கியதைப் பிரிக்கப் பாதி நாள் ஆகும்.

குடலும் வயிற்றுக்குள் தொங்கும் வலைதான். குடலை முதுகுச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கும் விசிறி போன்ற சவ்வை மெசென்டரி என்கிறோம். ரத்தக் குழாய்கள் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. வளர்ந்த ஒருவருக்குச் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல், வெறும் 15 சென்டிமீட்டர் நீள அடிக்கோட்டில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புடவையின் நீளத்தையெல்லாம் கொசுவமாக மடித்து இடுப்பில் ஒரு கைப்பிடியில் செருகுகிறோமே, அந்த அமைப்புதான். 15 சென்டிமீட்டர் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கோடு வயிற்றின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்வாக ஓடுகிறது. ஒரு முனை முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் வளைவு. மறுமுனை சீக்கம். வயிற்றுக்குள் எவ்வளவு தூரம் விலக்கி வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் இரண்டு கம்பம். முக்கால் சுற்றின் பயனே இதுதான். சுற்று முடிந்ததும் ஏறு பெருங்குடலும் இறங்கு பெருங்குடலும் முதுகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. கம்பங்கள் நிலத்தில் இறுகிவிடுகின்றன.

சுழற்சி பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பது இப்போது எளிதில் விளங்கும். அரைச் சுற்றில் நின்றுபோன குடலை எண்ணிப் பாருங்கள். சிறுகுடலின் தொடக்கம் இடப்பக்கம் வந்து சேரவில்லை, முதுகெலும்புக்கு வலப்பக்கமோ நடுவிலோ தங்கிவிட்டது. சீக்கமும் கீழே இறங்கவில்லை, இரைப்பையின் கீழ்வாயிலுக்கு அருகே மேலேயே நிற்கிறது. இரண்டு கம்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. நடுக்குடல் முழுவதும், தமனியோடு சேர்ந்து, ஒரு காம்பில் தொங்குகிறது. ஒரே கொக்கியில் தொங்கும் வலை. குழந்தை பால் குடிக்கத் தொடங்கி, குடல் நெளியத் தொடங்கியதும், எந்த நேரமும் சுற்றிக்கொள்ளலாம். சுற்றினால் பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையில்தான் சுற்றும். கருவில் வந்த வழிக்கு நேர் எதிர்த் திசை. காம்பு முறுக்கும்போது முதலில் நெரிபடுவது மெல்லிய சுவர் கொண்ட சிரை, அதன் பிறகு தமனி. குடல் வீங்கி, நீலம் பாய்ந்து, கருத்துப்போகும். மலத்தில் ரத்தம் தெரியும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. இருக்க வேண்டிய இடத்துக்கு வராத சீக்கத்தையும் உடம்பு சும்மா விடாது. வலது வயிற்றுச் சுவரோடு அதை ஒட்டவைக்க நினைத்துச் சவ்வுப் பட்டைகளை அனுப்பும். சீக்கம் நடுவில் நிற்பதால், அந்தப் பட்டைகள் முன்சிறுகுடலின் மேல் குறுக்கே விழுந்து அதை அழுத்தும். பாஸ்டனில் குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்த வில்லியம் லாட் என்பவரின் பெயரால் இவற்றை லாட் பட்டைகள் என்கிறோம். முறுக்கைப் பிரித்துவிட்டு இந்தப் பட்டைகளை வெட்டாமல் விட்டால் குழந்தை மீண்டும் கக்கும் என்று அவர் 1930-களில் எடுத்துக்காட்டினார். 1936-இல் அவர் எழுதிய முறைதான் இன்றும் அடிப்படை. அதற்கு முன்பே, 1923-இல், எடின்பரோவின் நார்மன் டாட் கருவியலையும் அறுவை மேசையில் கண்டதையும் சேர்த்து வைத்து, சுழற்சி எந்தக் கட்டத்தில் நின்றால் எந்தக் கோளாறு வரும் என்று வகுத்திருந்தார்.

சுழற்சிக் கோளாறு இருப்பவர்கள் எல்லோருக்கும் முறுக்கு வந்துவிடுவதில்லை. தொந்தரவு காட்டும் கோளாறு ஏறத்தாழ 6,000 பிறப்புகளில் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தெரியாமலேயே இதோடு வாழ்ந்து முடிப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது நடுவயதில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு. ஆனால் முறுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வருவது பிறந்த முதல் மாதத்தில். அதனால்தான் 9 நாள் குழந்தையின் பச்சை வாந்தி வேறு, 9 வயதுச் சிறுவனின் பச்சை வாந்தி வேறு. இரண்டாவதையும் அலட்சியப்படுத்தக் கூடாது, அது தனிப் பேச்சு.

ஆயாவின் பேத்திக்கு மருத்துவமனையில் நடந்ததை அறுவை செய்த மருத்துவர் பிறகு எனக்கு வரி வரியாகச் சொன்னார். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டதும் பச்சை நீர் வந்தது. நரம்பில் திரவம் ஏற்றத் தொடங்கினார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயில் அது நடக்கக்கூடியதே. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வயிற்றை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது தமனியைச் சுற்றிச் சிரை நீர்ச்சுழி போலச் சுற்றியிருந்தது. இயல்பில் சிரை தமனிக்கு வலப்பக்கம் சாதுவாகக் கிடக்க வேண்டும். இந்தச் சுழி தெரிந்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். சந்தேகம் இருந்திருந்தால், குழாய் வழியே கொஞ்சம் மருந்துநீர் விட்டு, அது போகும் பாதையை எக்ஸ்ரே திரையில் பார்த்திருப்பார்கள். சிறுகுடலின் முதல் வளைவு முதுகெலும்புக்கு இடப்பக்கம், இரைப்பையின் கீழ்வாயில் உயரத்துக்கு ஏறி வர வேண்டும். அது வராமல் வலப்பக்கமே திருகாணி மாதிரி கீழே இறங்கினால் முறுக்கு. இந்தக் குழந்தைக்கு அந்தச் சோதனைக்கு நேரம் செலவிடவில்லை. நேராக அறுவை அரங்கு.

வயிற்றைத் திறந்ததும் குடல் முழுவதையும் வெளியே எடுத்தார்கள். கடிகாரத் திசையில் ஒன்றரைச் சுற்று. நிறம் கருநாவல். எதிர்த் திசையில் திருப்பிப் பிரித்தார்கள். "கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பு" என்று அறுவை மாணவர்களுக்குச் சொல்லித்தருவார்கள், கருவில் குடல் வந்த திசையும் அதுதான். பிரித்த குடலைச் சூடான ஈரத்துணியால் மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். பத்து நிமிடத்துக்கு மேல். அந்த நேரத்தில் ஒன்றும் செய்யக் கூடாது, ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். துணியை எடுத்தபோது ஒரு சிறு பகுதி தவிர எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அந்தப் பகுதியும் கண் முன்னே நிறம் மாறியது. வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் நடுக்குடல் முழுவதும் போயிருக்கும். சிறுகுடல் இல்லாமல் எந்தக் குழந்தையும் வாய்வழி உணவில் வாழ முடியாது.

பிறகு லாட் பட்டைகளை வெட்டினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருந்த சவ்வைப் பிரித்து, மெசென்டரியின் அடியை விசிறிபோல விரித்தார்கள். அதன் பின் செய்ததுதான் என் மாணவர்களை எப்போதும் திகைக்க வைக்கும் இடம். சிறுகுடலை முழுவதும் வலப்பக்கமும், பெருங்குடலை முழுவதும் இடப்பக்கமும் வைத்து வயிற்றை மூடினார்கள். அரைச் சுற்றில் நின்றுபோனதை முக்கால் சுற்றாக நிறைவு செய்யவில்லை. மாறாக, கால் சுற்று நிலைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். கடிகாரக் கணக்கில் மேல்கால் 9, கீழ்க்கால் 3.

ஏன் இப்படி? குடல் எந்தப் பக்கம் இருந்தாலும் சீரணம் நடக்கும். பக்கம் முக்கியமில்லை, கம்பங்களுக்கு இடையிலான தூரம்தான் முக்கியம். 9-க்கும் 3-க்கும் நடுவே முழு வயிற்றின் அகலம் இருக்கிறது. அறுவை மேசையில் எளிதில் எட்டக்கூடிய அகலமான நிலை அதுதான். இயற்கையாகவே கால் சுற்றில் நின்றுவிடும் சிலருக்கு முறுக்கு ஆபத்து ஓரளவு குறைவாக இருப்பதும் இதே காரணத்தால். குடல்வாலையும் எடுத்துவிட்டார்கள். இடப்பக்கம் இருக்கும் குடல்வால் பின்னாளில் வீங்கினால், வலது அடிவயிற்றில் வலியைத் தேடும் மருத்துவர் ஏமாந்துபோவார்.

அடுத்து தொப்புள். குடல் வெளியே போனதும் திரும்பி வந்ததும் அந்த வழியாகத்தான் என்பதால், தொப்புளில் தெரியும் எல்லாக் கோளாறுகளையும் "குடல் உள்ளே போகவில்லை" என்ற ஒரே காரணத்தில் அடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. பேச்சுவழக்கிலும் எல்லாமே "தொப்புள் துருத்தல்"தான். அது சரியில்லை. மூன்றும் மூன்று கதை.

கொடிக்குள் போன குடல் 10-வது வாரத்தில் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டால், குழந்தை பிறக்கும்போது கொடியின் அடியில் பளபளப்பான பை ஒன்று இருக்கும். பைக்குள் குடல் தெரியும். கொடி அந்தப் பையின் உச்சியிலிருந்து கிளம்பும். இது ஆம்பலோசீல். ஆனால் பெரிய பைகளில் கல்லீரலும் இருக்கும். கல்லீரல் எந்தக் கட்டத்திலும் இயல்பாக வெளியே போவதில்லை. ஆகவே அந்தப் பெரிய வகையைத் திரும்பாத குடல் என்று மட்டும் விளக்க முடியாது. வயிற்றின் பக்கச் சுவர்கள் நடுவில் வந்து சேர்வதே குறைபட்டுப்போன கதை அது. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை போன்ற வேறு கோளாறுகளும், சிலருக்குக் குரோமோசோம் கோளாறும் இருக்கும். அதனால் பையைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் தேடுவது பைக்கு வெளியே இருக்கும் குறைகளை.

காஸ்ட்ரோஸ்கைசிஸ் பார்வைக்கு இதைவிடக் கொடியது, உள்ளுக்குள் இதைவிடத் தனிமையானது. கொடி தன் இடத்தில் ஒழுங்காக இருக்கும். அதற்கு வலப்பக்கம், பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை. பை இல்லாமல் குடல் வெறுமனே வெளியே கிடக்கும். பனிக்குட நீரில் மாதக்கணக்கில் ஊறியதால் தடித்து, மேலே தோல் படிந்ததுபோல இருக்கும். இது கொடிவழிப் பயணத்தின் தோல்வி இல்லை, பக்கத்துச் சுவரில் விழுந்த ஓட்டை. குடல் தவிர மற்ற உறுப்புகளில் கோளாறு அரிது. இளவயதுத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. வெளியே கிடந்த குடல் வயிற்றுக்குள் வந்து சுற்றி ஒட்டும் வாய்ப்பையே இழந்துவிட்டதால், இந்த இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் சுழற்சிக் குறையும் கூடவே இருக்கும்.

மூன்றாவது நம் தெருக்களில் அதிகம் பார்ப்பது. அழும்போது நெல்லிக்காய் அளவுக்குத் துருத்தி, தூங்கும்போது அமுங்கும் தொப்புள். மேலே தோல் மூடியிருக்கும். இங்கே குடல் வர வேண்டிய நேரத்தில் வந்து, சுற்ற வேண்டியதைச் சுற்றி, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டது. கொடி விழுந்த பிறகு தொப்புள் வளையம் இறுகத் தாமதமாகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு 4, 5 வயதுக்குள் தானாக மூடிவிடும். காசை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவதை எங்கள் பகுதியில் இன்னும் பார்க்கிறேன். வளையம் மூடுவதற்கு அது உதவாது. காசுக்கு அடியில் வேர்த்து, தோல் வெந்து, புண்ணாவதுதான் மிச்சம். துருத்தியது உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை விடாமல் அழுதால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடியின் அடி வழக்கத்தைவிடப் பருத்திருந்தால், உள்ளே ஒரு சிறு குடல் வளைவு தங்கியிருக்கலாம். கிளிப்பை வழக்கமான இடத்தில் போட்டால் குடலையே நசுக்கிவிடும். பருமன் முடியும் இடத்தைத் தாண்டிப் போட வேண்டும். பார்க்க ஒரு நொடி போதும்.

ஸ்கேன் அறையிலும் இந்த வாரக் கணக்கு ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. சென்ற வருடம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஒரு பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். "அக்கா, குழந்தைக்குக் குடல் வெளிய இருக்குதாம். கலைச்சிடலாமான்னு வீட்ல பேசுறாங்க." எத்தனை வாரம் என்று கேட்டேன். 10 வாரம் முடிந்து இரண்டு நாள். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். கொடியின் அடியில் சிறிய குடல் வளைவு, கல்லீரல் உள்ளேயே இருக்கிறது, மற்றவை இயல்பு என்று எழுதியிருந்தது.

கருவியல் புத்தகத்தின் வாரம் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவது. ஸ்கேன் அறையின் வாரம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. இரண்டுக்கும் இரண்டு வார வித்தியாசம். ஸ்கேன் கணக்கில் 10 வாரம் என்றால் கருவின் வயது 8 வாரம். குடல் வெளியே இருக்க வேண்டிய நேரமே அது. புத்தகம் 10 வாரத்தில் திரும்பும் என்று சொன்னால் ஸ்கேனில் அது 12 வாரம். அதற்கு முன்னால் தெரியும் சிறு குடல் வளைவை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, 12 வாரம் தாண்டி மறுபடி பார்க்க வேண்டும். கல்லீரல் வெளியே தெரிந்தால் மட்டும் எந்த வாரமானாலும் அது இயல்பில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குடல் வயிற்றுக்குள் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அந்த ரிப்போர்ட்டில் "இந்த வாரத்தில் இது இயல்பாக இருக்கலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சுழற்சிக் கோளாறைக் கர்ப்ப கால ஸ்கேனில் கண்டுபிடிப்பது அநேகமாக முடியாது. குடல் உள்ளேதான் இருக்கும், எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியாது. ஆயாவின் பேத்திக்கு எடுத்த எல்லா ஸ்கேனும் நன்றாகத்தான் இருந்தன. முதல் அடையாளம் அந்தத் துணியில் இருந்த கறைதான்.

குழந்தைக்கு இப்போது ஒன்றே கால் வயது. வலது வயிற்றில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. போன வாரம் ஆயா அதைக் காட்டி, "கொடல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி வெச்சிட்டாங்களாமே, பின்னால எதுனா ஆவுமாமா?" என்று கேட்டார். செரிமானத்துக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அறுவை செய்த வயிற்றில் பின்னாளில் ஒட்டுகள் உண்டாகிச் சில பேருக்குக் குடல் அடைபடுவது உண்டு, ஆகவே எத்தனை வயதானாலும் பச்சையாக வாந்தி எடுத்தால் அன்றே காட்ட வேண்டும் என்றும், எந்த மருத்துவரிடம் போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டை முதலில் நீட்ட வேண்டும் என்றும் சொன்னேன். சிறுகுடல் வலப்பக்கம், பெருங்குடல் இடப்பக்கம், குடல்வால் நீக்கப்பட்டது என்று அதில் மூன்று வரி இருக்கிறது. ஆயா அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில், கார்டுக்கு முன்னால் தெரியும்படி வைத்திருந்தார்.